மேசை மூலையில் 16 வாரங்கள்

விடுமுறை முடிந்து விடுதி அறையின் பூட்டைத் திறந்த மாலையில் முதலில் கண்ணில் பட்டது தூசிதான். மேசை, நாற்காலி, அலமாரித் தட்டு என எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகப் படிந்திருந்தது. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசிப் புத்தகத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதில் ஒரு செடி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடுதியில் சேர்ந்த நாளில் அக்கா கொடுத்த செடி அது. ரோஜாப் பூவைப் போல இலைகள் அடுக்கடுக்காக விரியும் சதைப்பற்றுச் செடி. இலைகள் தடித்து, நுனி கூராகி, மேலே சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருக்கும். கிராப்டோபெட்டலம் என்பது அதன் பெயர் என்றும், மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். "உன் மேசையில் உயிருள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும்" என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தாள்.

முதல் மூன்று வாரம் அதை நான் உண்மையாகவே கவனித்தேன். தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் மூன்று கரண்டித் தண்ணீர் ஊற்றுவேன். கோப்பையின் அடியில் துளை இல்லை. அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது வாரக் கடைசியில் அடி இலைகள் மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் கோத்ததுபோல் கண்ணாடித்தன்மை அடைந்து, விரல் பட்டதும் கழன்று விழுந்தன. பக்கத்து அறை மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். அன்றோடு ஊற்றுவதை அடியோடு நிறுத்தினேன். பிறகு பாடங்கள் சேர்ந்தன, தேர்வு வந்தது, புத்தகங்கள் மேசையில் ஏற ஏறக் கோப்பை பின்னால் தள்ளிப்போனது. பருவத்தில் மீதியிருந்த 11 வாரம், விடுமுறை 5 வாரம். ஆக மொத்தம் 16 வாரம் அதற்குத் தண்ணீரும் இல்லை, நேரான வெளிச்சமும் இல்லை.

கோப்பையைத் தூக்கியபோது காலிக் கோப்பையைப் போல இலேசாக இருந்தது. கையளவு உருண்டையாக இருந்த செடி ஒரு சாண் நீளத் தண்டாக நீண்டு, ஜன்னல் இருக்கும் திசையில் வளைந்திருந்தது. தண்டின் கீழ்ப்பகுதியில் காய்ந்த இலைகள் காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. உச்சியில் மட்டும் சுருங்கிய சிறு கொத்து. அதில் ஓர் இலையை மெதுவாகத் தொட்டேன். துவண்டிருந்தது, ஆனால் உள்ளே ஈரம் இருந்தது.

அதைவிட என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. என்றோ கழன்று விழுந்த ஓர் இலை, மண்ணும் இல்லாமல் வெறும் மேசைப் பலகையின் மேல் கிடந்தது. அதன் காம்பு முனையிலிருந்து நூல் போன்ற இளஞ்சிவப்பு வேர்கள் நாலைந்து வெளிவந்திருந்தன. வேர்களுக்கு நடுவே, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, முழு உருவத்தோடு ஒரு குட்டிச் செடி. தாய் இலை பாதி சுருங்கியிருந்தது. தன்னிடம் இருந்த நீரையெல்லாம் அந்தக் குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் குற்ற உணர்வு பொங்கியது. அந்த உணர்வில் நான் செய்த முதல் வேலை, குளியலறைக் குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கோப்பை விளிம்புவரை ஊற்றியதுதான்.

மறுநாள் காலை விடுதித் தோட்டத்தைப் பராமரிக்கும் பெரியவரிடம் கோப்பையை எடுத்துச் சென்றேன். செடி பிழைத்துவிட்டது என்று காட்டத்தான் போனேன். அவர் செடியைப் பார்க்கவில்லை. கோப்பையைச் சாய்த்தார். மேலே நின்ற தண்ணீர் வழிந்தது.

"தம்பி, இதை யார் குடிப்பார்கள் என்று ஊற்றினீர்கள்?" என்றார்.

"செடிக்குத்தான் ஐயா. நாலு மாதமாகத் தண்ணீர் இல்லை."

அவர் தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கினார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் செடி முழுதாக வெளியே வந்துவிட்டது. வேர் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. அடியில் இருந்தவை கருத்துப் பொடிந்துபோயிருந்தன. அவை என் முதல் மூன்று வார அன்பில் அழுகியவை. மேலே இருந்தவை சணல் இழைபோல் காய்ந்திருந்தன. இழுத்தால் ஒடிந்தன.

"வேர் இருந்தால்தானே குடிக்கும்? இல்லாத வேருக்கு நீங்கள் ஊற்றியது மண்ணில் நிற்கும். நின்றால் தண்டு அழுகும். பட்டினி கிடந்தும் சாகாத செடி, நேற்று ராத்திரி விருந்தில் செத்திருக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் முழுப் பொருளும் நூலகத்தில் தாவரவியல் நூலைப் புரட்டியபோதுதான் விளங்கியது. தண்ணீரை உறிஞ்சுவது நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர் அல்ல. அதன் நுனிக்குச் சற்று மேலே முளைக்கும், ஒற்றை உயிரணுவால் ஆன மெல்லிய வேர்த்தூவிகளே அந்த வேலையைச் செய்கின்றன. மண் நீண்ட நாள் வறண்டு கிடந்தால் முதலில் மடிபவை அவைதான். மறுபடி ஈரம் கண்டதும் அவை ஒரே இரவில் திரும்பி வருவதில்லை. புதிய வேர் விட வேண்டும், அதில் புதிய தூவிகள் வர வேண்டும். அதுவரை செடியால் துளித்துளியாகத்தான் குடிக்க முடியும். மீதித் தண்ணீர் மண்ணின் காற்றிடங்களை அடைத்துக்கொள்ள, இறந்த வேர்களில் பூஞ்சை பிடிக்கும், அங்கிருந்து தண்டுக்கு ஏறும்.

16 வாரம் அது எப்படித் தாங்கியது என்பதற்கும் அதே நூலில் விடை இருந்தது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. துளை திறந்தால் நீரும் ஆவியாகும். இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, காற்று குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைப் பிரித்து உணவு தயாரிக்கின்றன. வறட்சி மிகக் கடுமையானால் இரவிலும் துளைகளைத் திறப்பதில்லை. தாம் சுவாசித்து வெளியிடும் வாயுவையே உள்ளுக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, வளர்ச்சியே இல்லாமல் உயிரை மட்டும் வைத்திருக்கின்றன. கூடவே, முதிய அடி இலைகளில் உள்ள நீரை எடுத்து உச்சிக் கொழுந்துக்கு அனுப்புகின்றன. நான் பார்த்த காகித இலைகள் அப்படிக் காலியானவை.

ஆகவே என் செடியைத் தண்ணீர்ப் பஞ்சம் உருக்குலைக்கவில்லை. முதல் மூன்று வார வெள்ளத்துக்குப் பின் வந்த வறட்சி அதைக் காப்பாற்றவே செய்தது. உருக்குலைத்தது இருட்டு. வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு அவ்வளவு நீண்டது. நீண்ட தண்டு மறுபடி குறுகாது என்பதால் அதற்கு ஒரே வழி வெட்டி நடுவதுதான்.

பெரியவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புதுச் சவர பிளேடு ஒன்றை ஸ்பிரிட்டில் துடைத்து, உச்சிக் கொத்துக்குக் கீழே மூன்று விரற்கடை தண்டு விட்டு வெட்டினோம். வெட்டுவாயில் தண்டு பழுப்போ கருப்போ இல்லாமல் வெளிர்பச்சையாக இருந்தது. நிறம் மாறியிருந்தால் நல்ல நிறம் வரும்வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். அந்த மூன்று விரற்கடைத் தண்டில் இருந்த இலைகளைப் பக்கவாட்டில் அசைத்துக் காம்போடு கழற்றினோம். காம்பு முனை கிழிந்த இலையிலிருந்து குட்டி வராது, முழுதாகக் கழன்றதில்தான் வரும். பிறகு எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பி, வெயில் படாத இடத்தில் ஐந்து நாள் அப்படியே விட்டோம். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணில் வைத்தால் அழுகல் உள்ளே போகும்.

பீங்கான் கோப்பையை அலமாரியில் பேனா வைக்க எடுத்துக்கொண்டேன். செடிக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை. ஆணியைச் சூடாக்கி அதன் அடியில் ஐந்து துளை போட்டேன். மண் கலவைக்குத் தோட்டத்து மண் ஒரு பங்கு, சலித்துப் பொடியை நீக்கிய பருமணல் ஒரு பங்கு, மிளகளவு உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு. கலவையை நனைத்துக் கையில் பிடித்துவிட்டால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். அதுதான் அவர் வைத்த சோதனை. என் முதல் கலவை கொழுக்கட்டையாக நின்றது. இன்னும் மணல் சேர்த்தேன்.

ஆறாம் நாள் உலர்ந்த கலவையில் நட்டேன். ஒரு வாரம் தண்ணீரே இல்லை. நட்ட எட்டாம் நாள் குவளை விளிம்பைச் சுற்றி இரண்டு கரண்டி. அடுத்த வாரம் மறுபடி இரண்டு கரண்டி. மூன்றாம் வாரம் செடியை இரு விரலால் பிடித்து மயிரளவு மேலே இழுத்துப் பார்த்தேன். மண் அதைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்ன இழுவையை விரலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது. வேர் பிடித்ததற்குப் பிறகு கரண்டிக் கணக்கு கிடையாது. ஊற்றினால் அடித்துளைகளில் வழியும்வரை ஊற்ற வேண்டும், பிறகு அடிவரை காயும்வரை தொடக் கூடாது. கரண்டி கரண்டியாகத் தினமும் ஊற்றுவது, வேர் இல்லாத செடிக்கும் கேடு, வேர் உள்ள செடிக்கும் கேடு.

அப்போது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்று. அவர் பதில் சொல்லவில்லை. "ஊற்றுவதற்கு நாள் குறிக்காதீர்கள் தம்பி. பார்ப்பதற்கு நாள் குறியுங்கள்" என்றார்.

என் பழக்கங்களில் எது பிசகியிருந்தது என்பது அந்த வாக்கியத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. நான் இதுவரை வைத்துக்கொண்ட நியமங்கள் எல்லாம் செய்வதற்கான நியமங்கள். தினமும் மூன்று கரண்டி, தினமும் இரண்டு மணி நேரப் படிப்பு. நிலைமை என்னவென்று பார்க்கும் நேரம் எதிலும் இல்லை. பார்க்காமல் செய்ததால் முதலில் அளவு மீறியது. அளவு மீறியதும் பயந்து முழுதாக விட்டேன். விட்டதும் மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்க வாளியை எடுப்பேன். அது எப்படியும் நடக்கும், துவைக்காவிட்டால் திங்கட்கிழமை போட உடை இருக்காது. குவளையை வாளிக்கு மேல் இருக்கும் ஜன்னல் திட்டில் வைத்தேன். வாளியை எடுப்பதற்கு முன் குவளையை எடுக்க வேண்டும். என் நினைவாற்றலை நம்பாமல், கையின் பாதையில் செடியை வைத்தது இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்பு கைபேசியில் நினைவூட்டல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஒலிக்கும்போது நான் வகுப்பிலோ நடையிலோ இருப்பேன், அணைத்துவிடுவேன், அதோடு போயிற்று.

பார்ப்பது என்றால் மூன்று காரியம்தான். குவளையைத் தூக்கி எடை பார்ப்பது முதலாவது. நனைந்த குவளைக்கும் காய்ந்த குவளைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று வாரத்தில் கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஐயம் இருந்தால் ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி, சில நிமிடம் விட்டு எடுப்பேன். மண் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. கடைசியாக, கீழ் வரிசையில் ஓர் இலையை விரல் நடுவில் வைத்து இலேசாக அழுத்துவேன். ஓரத்தை மட்டும்தான் தொடுவேன். இலை மேல் உள்ள சாம்பல் பூச்சு வெயிலிலிருந்தும் நீரிழப்பிலிருந்தும் காக்கும் மெழுகு. கைபட்ட இடத்தில் அது போனால் அந்த இலையில் மறுபடி வருவதில்லை. முதல் மாதத்தில் நான் வைத்த கட்டைவிரல் ரேகை ஓர் இலையில் கடைசிவரை இருந்தது.

எடையையும் இலையையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். பலர் செடியை இழப்பது இங்கேதான். குவளை இலேசாக இருந்து இலை சுருங்கியிருந்தால் தாகம், ஊற்றலாம். குவளை கனமாக இருந்தும் இலை சுருங்கியிருந்தால் வேர் கெட்டிருக்கிறது, தண்ணீர் உள்ளே போகவில்லை. அப்போது ஊற்றினால் நாம் சாவை விரைவுபடுத்துகிறோம். வெளியே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். குவளை இலேசு, இலை விறைப்பு என்றால் ஒன்றும் செய்யாமல் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்கலாம்.

பார்த்ததை எழுதவும் தொடங்கினேன். வகுப்பு நோட்டின் பின்னட்டையில் தேதி, பக்கத்தில் பார்த்ததற்கு ஒரு கோடு, ஊற்றியிருந்தால் அதன் மேல் ஒரு புள்ளி. முதல் பத்து வாரத்தில் பத்துக் கோடு, நாலே நாலு புள்ளி. அந்த ஆறு வெறுங்கோடுகளும் எனக்கு முக்கியமானவை. ஒன்றும் செய்யாமல் வைத்துவிட்டு வந்த நாளும் கவனித்த நாள்தான் என்பதை அவை எண்ணிக்கையாகவே காட்டின. அதற்கு முன், செய்தால்தான் அக்கறை என்று நினைத்திருந்தேன்.

வெளிச்ச விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். இருட்டில் இருந்த செடிதானே என்று ஜன்னல் திட்டில் நாள் முழுக்க நேர் வெயிலில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டு இலைகளில் வெளிறிய திட்டு, பிறகு அது பழுப்பாகி உலர்ந்தது. வெயில் காயம் ஆறுவதில்லை, அந்த இலை உதிரும்வரை வடு இருக்கும். நிழலில் இருந்ததை முதல் சில நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி என்று இரண்டு வாரத்தில் கூட்டியிருக்க வேண்டும். போதிய வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையைப் பிடிக்க வேண்டும். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் போதும். மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தால் செடி நீளத் தொடங்கும். என் பழைய மேசை மூலையில் நிழலே விழவில்லை. அறைக்குள் நமக்குப் படிக்கப் போதுமான வெளிச்சம் இந்தச் செடிக்கு ஏறக்குறைய இருட்டு.

படிப்புக்கு வருகிறேன். அந்தப் பருவத்தில் கணிதத்தை ஏழு வாரம் தொடாமல் விட்டிருந்தேன். வழக்கம்போல ஓரிரவு முழுதும் உட்கார்ந்து ஏழு வாரத்தையும் படித்தேன். மூன்று மணிக்குத் தூங்கி, மறுநாள் நோட்டைத் திறந்தால் என் கையெழுத்தே எனக்கு அந்நியமாக இருந்தது. விளிம்புவரை ஊற்றிய கோப்பை கண்முன் வந்தது. ஏழாம் அத்தியாயத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய அடிப்படைச் சூத்திரங்கள் எனக்கு மறந்துபோயிருந்தன. உறிஞ்ச வேண்டிய தூவிகள் இல்லை.

அடுத்த நாள் மாலை முதல் 20 நிமிடம் மட்டும் உட்கார்ந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளில் இரண்டை, விடையை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். நேரம் முடிந்ததும் ஆசை இருந்தாலும் எழுந்துவிட்டேன். முதல் வாரம் அப்படியே. இரண்டாம் வாரம், முன்தினம் போட்ட கணக்கை நோட்டைப் பார்க்காமல் மறுபடி போட முடிகிறதா என்று பார்த்தேன். செடியை இழுத்துப் பார்த்ததுபோல. பிடித்துக்கொண்ட பிறகுதான் நேரத்தை 40 நிமிடமாக்கினேன், மூன்றாம் வாரம் ஒரு மணி. பிடிக்காத இடத்தில் நேரத்தைக் கூட்டாமல் முந்தைய அத்தியாயத்துக்குத் திரும்பினேன். நோட்டின் பின்னட்டையில் செடிக் கோடுகளுக்குக் கீழே கணிதக் கோடுகளும் சேர்ந்தன.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. செடிக்குத் தேர்வுத் தேதி இல்லை, எனக்கு இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்களைத் தொடவே முடியவில்லை. தேறினேன், நடுத்தர மதிப்பெண். ஆனால் படித்த ஐந்து அத்தியாயங்கள் அடுத்த பருவத்திலும் என்னிடம் இருந்தன, அது எனக்குப் புதிது. அதேபோல, இந்தச் செடி பிழைத்ததை வைத்து எல்லாச் செடியும் பிழைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். பெரணி போன்ற மெல்லிலைச் செடியை நான் அந்த மூலையில் தள்ளியிருந்தால் இரண்டாவது வாரமே முடிந்திருக்கும்.

இடையில் காய்ச்சலில் படுத்து இரண்டு ஞாயிறு தவறியது. மூன்றாம் ஞாயிறு குவளை மிக இலேசாக இருந்தது, கீழ் இலைகள் துவண்டிருந்தன. விட்டுப்போன இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஊற்றக் கை பரபரத்தது. ஒரு முறைக்கு உரியதை மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றி வைத்தேன். புதன்கிழமைக்குள் இலைகள் விறைத்துவிட்டன. நோட்டில் அந்த இரண்டு தேதிகளை வெறுமையாகவே விட்டேன். நிரப்பிக் காட்ட அங்கே யாரும் இல்லை.

வாராவாரம் பார்த்ததன் பலன் ஒரு நாள் நேராகவே தெரிந்தது. இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்குபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தூசி என்று ஊதினேன், போகவில்லை. மாவுப்பூச்சி. இலைச் சாற்றை உறிஞ்சி வாழும். இரண்டு இடுக்கில் மட்டும் இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அந்த இடங்களில் மட்டும் தொட்டு எடுத்தேன், செடியை வெயிலிலிருந்து இரண்டு நாள் தள்ளி வைத்தேன். முட்டைகள் தப்பியிருக்கும் என்பதால் அடுத்த மூன்று ஞாயிறும் அதையே செய்தேன். தொட்ட இடத்தில் சாம்பல் பூச்சு அழிந்தது, செடி தப்பியது. 11 வாரம் பார்க்காத பழைய நாட்களில் அது வந்திருந்தால் கொத்து முழுதும் வெண்மையாகியிருக்கும்.

வெட்டிய பழைய அடித்தண்டைப் பெரியவர் எறிய விடவில்லை. நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறது, இருக்கட்டும் என்றார். அதையும் உலர்ந்த கலவையில் ஊன்றி வைத்தேன். ஆறாவது வாரம், இலை இருந்த தழும்புகளுக்குப் பக்கத்தில் நாலு மொட்டுகள் புடைத்தன. பலகையில் கிடந்த இலையின் குட்டியையும் தாய் இலையைப் பிய்க்காமல் மண் மேல் படுக்க வைத்தேன். தாய் இலை முற்றிலும் காய்ந்து தானாகக் கழன்றபோது குட்டி கட்டைவிரல் நகத்தளவு இருந்தது.

அடுத்த விடுமுறையும் 5 வாரம். இம்முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை நன்றாக ஊற்றி, வடிந்து காயவிட்டு, ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அறையைப் பகிரும் நண்பன் தானும் ஊருக்குப் போவதால், "வாளித் தண்ணீரில் வைத்துவிட்டுப் போகலாமே" என்றான். வேண்டாம் என்றேன். ஈரத்தோடு பூட்டிய அறையில் விடுவதைவிட வறண்டு கிடப்பது அதற்கு நல்லது.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது மறுபடி எல்லா இடத்திலும் தூசி. ஜன்னல் திட்டுக்கு நேரே போனேன். கீழ் வரிசையில் இரண்டு இலைகள் காகிதமாகியிருந்தன. மற்றவை இலேசாகச் சுருங்கியிருந்தாலும் கொத்து நீளவில்லை, தண்டும் குட்டையாக அப்படியே இருந்தது. குவளையைத் தூக்கினேன். எடையே இல்லை. குச்சியைச் செருகி எடுத்தேன், சுத்தமாக வந்தது. அன்று வியாழன்தான். ஞாயிறுவரை விடாமல், 5 வார வறட்சியில் தூவிகள் மடிந்திருக்கும் என்பதால் இரண்டு கரண்டி மட்டும் விளிம்பைச் சுற்றி ஊற்றினேன். பையைப் பிரித்துப் புது நோட்டை எடுத்து, பின்னட்டையில் தேதி எழுதி ஒரு கோடு போட்டு, மேலே ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்.